வேரைத் தொடாத லேபிள்

ஈரோட்டுப் பக்கம் கூந்தல் எண்ணெயும் குளியல் சோப்பும் செய்கிற சிறிய கூடம் ஒன்று நடத்துகிறேன். என் பெயரில் நான் விற்பது குறைவு. பெரும்பாலும் அடுத்தவர்களுக்குத்தான் செய்து கொடுக்கிறேன். வீட்டில் எண்ணெய் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் விற்றுக்கொண்டிருந்தவர்கள், கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற நிலை வரும்போது என்னிடம் வருவார்கள். அழகுசாதனப் பொருளை விற்பனைக்காகச் செய்கிற எவருக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சமையலறையில் பத்து பாட்டில் காய்ச்சினாலும் சட்டம் அதுதான். உரிமத்துக்குத் தனி இடம், அதற்கான வசதிகள், வேதியியல் படித்த அல்லது மருந்தாளுநர் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை எல்லாம் காட்ட வேண்டும். அவ்வளவையும் வீட்டில் அமைக்க முடியாதவர்கள் உரிமம் உள்ள கூடத்தில் செய்யச் சொல்கிறார்கள். பக்குவம் அவர்களுடையது, பிராண்டு பெயர் அவர்களுடையது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் என் கூடத்தின் முகவரியும் உரிம எண்ணும் இருக்கும்.

அதனால் எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நான் லேபிளைத்தான் கேட்பேன். எண்ணெய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பாட்டியிடம் கற்றது, பல வருடம் காய்ச்சிக் கைப்பழக்கம் ஆனது. சடசடப்பு அடங்கி, கசடு மெழுகுப் பதம் தாண்டும்வரை பொறுமையாகக் காய்ச்சத் தெரிந்தவர்கள் அவர்கள். ஈரம் நின்றுபோன எண்ணெய் காறல் வாடை அடிக்கும் என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சிக்கல் எல்லாம் பாட்டிலுக்கு வெளியே ஒட்டுகிற காகிதத்தில் இருக்கும்.

ஒரு லேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கொண்டுவந்தவர் கரூர்ப் பக்கத்துப் பெண். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, செம்பருத்திப் பூ, வெந்தயம், சின்ன வெங்காயம், சோற்றுக் கற்றாழை சேர்த்துக் காய்ச்சியிருந்தார். கடைசியில் கொஞ்சம் மல்லிகை வாசனை. நிறமும் பதமும் அருமை. லேபிளின் முகப்பில் முழங்கால்வரை கூந்தல் தொங்குகிற பெண் படம். அதன் கீழே வரிசையாக இப்படி இருந்தது: ஏழே நாளில் முடி உதிர்வு நிற்கும். 30 நாளில் வழுக்கையிலும் முடி முளைக்கும். நரை கருப்பாகும். பொடுகு அடியோடு ஒழியும். நூறு சதவீதம் இயற்கை, கெமிக்கல் இல்லை. பக்கவிளைவு அறவே இல்லை.

"எல்லாரும் இப்படித்தானுங்க அக்கா போடறாங்க. இது போடலீன்னா யாரு வாங்குவாங்க?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். சந்தையில் பக்கத்துப் பாட்டில் 30 நாள் என்று சொல்லும்போது நம் பாட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றால் கண்ணில் படாது. அதனால் நான் சட்டத்தில் தொடங்கவில்லை. முடியில் தொடங்கினேன்.

தலையில் உள்ள ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளர்கிறது. பிறகு சில வாரம் மெல்லச் சுருங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா இருந்து, அதன் பிறகு விழுகிறது. நலமாக உள்ள தலையிலேயே ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடிவரை விழும். பிரசவம், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீரென உடல் எடை குறைவது போன்ற அதிர்ச்சிகள் வந்தால் நிறைய வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆனால் முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாகச் சீப்பில் வரும். குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் அம்மாவின் முடி கொட்டுவது இதனால்தான். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று ஊரில் சொல்வதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இதை வைத்து அந்த ஏழு நாள் வாக்குறுதியைப் பாருங்கள். இந்த வாரம் விழப் போகிற முடி விழுவதென்று முடிவானது ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு. இன்று தலையில் எதைத் தடவினாலும் அந்த முடி திரும்பி வேருக்குள் போகாது. உதிர்வை ஏழு நாளில் நிறுத்தும் எண்ணெய் என்று ஒன்று இருக்கவே முடியாது. முப்பது நாள் கதையும் அப்படியே. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இன்றைக்கே ஒரு வேர் விழித்துக்கொண்டாலும் மாதக் கடைசியில் தெரியப் போவது விரல் நகத்தளவுப் பூனைமுடி.

"ஆனா எனக்கு மெசேஜ் வருதுங்களே? நின்னு போச்சுன்னு எத்தனையோ பேர் சொல்றாங்களே?" என்று கைப்பேசியை நீட்டினார்.

அந்தச் செய்திகள் பொய்யில்லை. அவை எப்படி வந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும். முடி அதிகமாகக் கொட்டுகிற நேரத்தில்தான் ஒருவர் எண்ணெய் வாங்குகிறார். பிரசவத்துக்குப் பிறகோ காய்ச்சலுக்குப் பிறகோ கொட்டுவது சில மாதத்தில் தானாகவே குறையும். உச்சத்தில் வாங்கி, குறையும்போது நன்றி சொல்கிறார். நன்றி எண்ணெய்க்குப் போய்ச் சேருகிறது. அதே எண்ணெயை வாங்கிய இன்னொருவருக்குப் பரம்பரையாக வருகிற முடி மெலிவு இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டுக் கோளாறோ இருக்கலாம். அவருக்கு எண்ணெயால் ஒன்றும் மாறாது. அவர் செய்தி அனுப்ப மாட்டார். இரண்டாவது பாட்டில் வாங்காமல் விலகிப் போவார், அல்லது இன்னும் மோசமாக, இரண்டாவது மூன்றாவது பாட்டில் வாங்கிக்கொண்டு, இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய மாதங்களை இழப்பார். லேபிள் செய்கிற உண்மையான தீங்கு இதுதான் என்று நினைக்கிறேன். எண்ணெய் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. "30 நாள் பொறு" என்ற எழுத்து செய்கிறது.

சின்ன வெங்காயத்தைப் பற்றியும் அவர் ஒரு ஆதாரம் வைத்திருந்தார். வெங்காயம் முடி வளர்க்கும் என்று ஆராய்ச்சி இருக்கிறது என்றார். இருக்கிறதுதான். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்டது. அதில் எடுத்துக்கொண்ட நோயாளிகளுக்கு இருந்தது திட்டுத் திட்டாகச் சொட்டை விழும் புழுவெட்டு. தடவியது பச்சை வெங்காயச் சாறு, தினம் இரண்டு வேளை. சிறிய ஆய்வு. புழுவெட்டுத் திட்டுகள் பலருக்குத் தாமாகவே மறுபடி முளைக்கக் கூடியவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் செய்வது வெங்காயத்தை எண்ணெயில் போட்டு ஈரம் போகும்வரை காய்ச்சி வடிகட்டுவது. அந்தச் சாற்றுக்கும் இந்த எண்ணெய்க்கும் வாசனை தவிர என்ன ஒற்றுமை என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆராய்ச்சி உண்டு என்று லேபிளில் போட வேண்டுமானால் அந்த ஆராய்ச்சி நம் பொருளில், நம் அளவில், நாம் சொல்கிற குறைக்காக நடந்திருக்க வேண்டும். வெங்காயம் என்ற பெயர் பொதுவாக இருப்பது போதாது.

இதற்குப் பிறகுதான் சட்டத்துக்கு வந்தேன். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்திருந்தாலும் நடுவில் ஒரு கோடு போடுகிறது. உடம்பின் மேல் தேய்ப்பது, ஊற்றுவது, தெளிப்பது. சுத்தம் செய்ய, அழகுபடுத்த, கவர்ச்சியைக் கூட்ட, தோற்றத்தை மாற்ற. இவ்வளவுதான் அழகுசாதனப் பொருள். நோயைத் தடுக்க, குணமாக்க என்று சொன்ன கணத்தில் அது மருந்து. பாட்டிலில் இருப்பது அதே தேங்காய் எண்ணெயாக இருந்தாலும், மேலே எழுதியிருப்பதை வைத்தே அது கோட்டின் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யலாம். வழுக்கையில் முடி முளைக்கும் என்று எழுதினால் நாம் உரிமம் இல்லாமல் மருந்து விற்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

சரி, மருந்து உரிமமே வாங்கிவிடலாம் என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' என்று ஒரு அட்டவணை உண்டு. ஒரு மருந்துகூட இவற்றைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று சில குறைகளின் பட்டியல் அது. புற்றுநோய், எய்ட்ஸ் இவற்றோடு வழுக்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முடியின் நிறத்தை மாற்றுவது, புதிய முடி முளைக்கச் செய்வது இரண்டும் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. மருந்துக்கே வாய்ப்பூட்டு போட்ட இடத்தில் கூந்தல் எண்ணெய் மேடை போட்டுப் பேசுகிறது. சித்த மருந்து உரிமம் வேறு வழி. அதற்கு வேறு இடம், வேறு தகுதியுள்ள ஆட்கள் வேண்டும். அதை வாங்கினாலும் விளம்பரத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காவலுக்கு நிற்கிறது. மந்திர மருத்துவ விளம்பரங்களைத் தடுக்க வந்த சட்டம் அது.

அழகுசாதனம் என்ற பக்கமே நின்றாலும் எதையும் எழுதிவிட முடியாது. லேபிளில், அட்டைப் பெட்டியில், கூட வருகிற துண்டுச்சீட்டில் பொய்யான, தவறாக வழிநடத்துகிற எந்த வாசகம் இருந்தாலும் அது தவறான முத்திரையிட்ட பொருள் என்று சட்டம் சொல்கிறது. எண்ணெய் பரிசோதனையில் சுத்தமாகத் தேறினாலும் அந்த ஒரு வரிக்காகக் குற்றம் ஆகும். 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் வாங்குகிறவருக்குத் தவறான எண்ணத்தை ஊட்டுகிற எதையும் சொல்லக் கூடாது என்கின்றன. எண்ணத்தை ஊட்டுவது என்பதில் படமும் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த முழங்கால் கூந்தல் படத்தை அதனால்தான் எடுக்கச் சொன்னேன். முன்-பின் படங்களும் அப்படித்தான். முன் படத்தில் வகிட்டுக்கு நேர் மேலே விளக்கு, பின் படத்தில் பக்கவாட்டில் விளக்கு, தலையில் கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு. இது போதும், ஒரு முடி முளைக்காமலே தலை அடர்த்தியாகிவிடும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க, பாட்டில்ல போடலைங்க. ரீல்ஸ்ல பேசிக்கறேன்" என்றார். அதுவும் தப்பாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரம் என்றால் இணையத்தில் வருவதும் சேர்த்தி. பொய் விளம்பரம் செய்தவருக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைத்தவருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டை நாம் எடுத்து நம் பக்கத்தில் போட்டால் அதற்குப் பிறகு அது நாம் சொன்னதாகவே பார்க்கப்படும். அவர் சொன்னார், நான் போட்டேன் என்பது அங்கே எடுபடாது.

இது பெரிய கம்பெனிகளுக்கான பயமுறுத்தல், நம்மை யார் கேட்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது திருச்சூர் வழக்கு. ஆறே வாரத்தில் முடி வளரும் என்ற விளம்பரத்தை நம்பி ஒருவர் 2012-இல் ஒரு கூந்தல் கிரீம் வாங்கினார். விலை நானூறு ரூபாய்க்கும் குறைவு. முடி வளரவில்லை. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு 2021-இன் தொடக்கத்தில் செய்தியானது. தயாரித்த நிறுவனத்துக்கும் விளம்பரத்தில் நடித்த மலையாள நடிகருக்கும் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம். தான் அந்தக் கிரீமைப் பயன்படுத்தியதே இல்லை, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தேய்ப்பேன் என்று நடிகர் ஒப்புக்கொண்டதும் அப்போது செய்தியில் வந்தது. அம்மா காய்ச்சிய எண்ணெய்க்கு எந்த லேபிளும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தொகை சின்னதுதான். ஆனால் அதற்காகக் கோர்ட்டுக்கு நடந்த வருடங்களைக் கணக்குப் பார்த்தால் வீட்டில் இருந்து தொழில் செய்கிற ஒருவரால் தாங்க முடியாது.

லேபிளுக்குத் திரும்புகிறேன். நரை கருப்பாகும் என்ற வரியை அடித்ததற்கு அவர் அதிகம் வாதாடவில்லை. கரிசலாங்கண்ணி எண்ணெய்க்குக் கருமை தரும், தலைக்குத் தராது. நிறமி நின்றுபோன வேரிலிருந்து வெள்ளை முடிதான் வரும். எண்ணெய் தடவி உண்மையிலேயே ஒரே இரவில் நரை கருத்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன். சாயப்பொருள் கலந்திருக்கும். கருப்புச் சாயங்களில் பரவலாக இருக்கும் பாராஃபினைலீன்டையமின் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். அது இருக்கிற சாயத்துக்கு, முதலில் தோலில் தொட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை லேபிளில் கட்டாயம். அதை மூலிகை என்று சொல்லி மறைப்பவர்களும் சந்தையில் உண்டு.

பொடுகு வரிதான் அவரை உண்மையில் திகைக்க வைத்தது. பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது. நாம் தடவுகிற எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பலவும் அதற்கு உணவு. பொடுகு அதிகமுள்ள தலையில் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிட்டால் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். வறட்சியால் உதிர்கிற தோல்செதிலை எண்ணெய் படிய வைக்கும். அதைப் பார்த்துப் பொடுகு போனதாக நினைக்கிறோம். அந்த வரியை எடுத்ததோடு நிற்காமல், பொடுகோ தலையில் புண்ணோ இருந்தால் தோல் மருத்துவரைப் பார்த்த பிறகு பயன்படுத்தவும் என்று ஒரு வரியைச் சேர்க்கவும் சொன்னேன். விற்பனையைக் குறைக்கிற வரியை ஏன் நாமே எழுத வேண்டும் என்று அவர் கேட்டார். பொடுகு கூடிப்போய்க் கோபத்தோடு திரும்பி வருகிற வாடிக்கையாளரை அந்த வரி முன்கூட்டியே குறைத்துவிடும் என்றேன்.

கெமிக்கல் இல்லை என்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. லேபிளின் பின்பக்கத்தில், சேர்ந்திருக்கும் பொருட்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும். அங்கே மல்லிகை வாசனைத் திரவியம் என்று வரும். அது பூவிலிருந்து எடுத்ததல்ல, வாங்கின விலையே சொல்லும். முன்பக்கம் சொல்வதைப் பின்பக்கம் மறுத்துப் பேசும். சோப்புக்காரர்கள் கதை இன்னும் வேடிக்கை. காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு ஆகாது, ஆனால் உறையில் கெமிக்கல் ஃப்ரீ என்று இருக்கும். பக்கவிளைவு இல்லை என்பதும் சொல்லக் கூடாத வார்த்தை. வெந்தயமும் வாசனைத் திரவியமும் ஒத்துக்கொள்ளாத தலைகள் உண்டு. காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கவும் என்பதுதான் நேர்மையான வரி.

எல்லாவற்றையும் அடித்த பிறகு லேபிளில் எண்ணெயின் பெயர் மட்டும் நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. இனிமேல்தான் வேலையே ஆரம்பம் என்றேன்.

எனக்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. தோலுக்கு மேலே தெரிகிற முடித்தண்டைப் பற்றிப் பேசலாம். தோலுக்குக் கீழே இருக்கிற வேரைப் பற்றிப் பேசக் கூடாது. தண்டு செத்த பொருள். அதன் மேல் எண்ணெய் என்ன செய்கிறது என்பது கண்ணுக்கும் கைக்கும் தெரியும், சோதித்தும் இருக்கிறார்கள். 2003-இல் மும்பையிலிருந்து வந்த ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெயைச் சூரியகாந்தி எண்ணெயோடும் கனிம எண்ணெயோடும் ஒப்பிட்டது. குளியலுக்கு முன்போ பின்போ தடவினாலும் முடியிலிருந்து புரதம் இழப்பதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே நன்றாகக் குறைத்தது. அதன் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் தண்டுக்குள் இறங்குகிறது என்று விளக்கம். ஆக, முடி உடைவதைக் குறைக்க உதவும் என்று அவர் தாராளமாகச் சொல்லலாம். நம் எண்ணெயின் பெரும்பகுதியே தேங்காய் எண்ணெய்தான்.

உடைகிறதா, வேரோடு உதிர்கிறதா என்று வாங்குகிறவரே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளை முண்டு இருந்தால் அது வேரிலிருந்து விழுந்தது. முண்டு இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைந்தது. உடைவுக்கு எண்ணெய் உதவும். முண்டோடு கொத்தாக விழுவது மாதக்கணக்கில் தொடர்ந்தால் எண்ணெய்க் கடை போக வேண்டிய இடமல்ல. பெரிய கம்பெனி பாட்டில்களில் முடி உதிர்வு என்று பெரிய எழுத்தில் போட்டு நட்சத்திரக் குறி வைத்து, கீழே எறும்பு எழுத்தில் 'உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று போடுவது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். சட்டத்துக்கு அது போதுமாக இருக்கலாம். எனக்குப் பிடிக்காது. உடைவு என்றால் முன்பக்கமே உடைவு என்று போட்டுவிடலாமே.

இந்த அம்மா கேட்டுக்கொண்டார். எல்லாரும் கேட்பதில்லை. இன்னொரு வாடிக்கையாளர் என் கூடத்தில் செய்த எண்ணெயை, ஒப்புக்கொண்ட லேபிளோடு எடுத்துப் போய், மேலே வண்ண ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். 30 நாளில் புது முடி, பலன் இல்லையேல் பணம் வாபஸ் என்று இருந்தது. கீழே என் உரிம எண் அப்படியே தெரிந்தது. அவரிடம் பணம் திரும்பக் கேட்டுக் கிடைக்காத ஒரு வாடிக்கையாளர் புகார் எழுதினார். லேபிளில் இருந்த முகவரி என்னுடையது என்பதால் மருந்து ஆய்வாளர் என் வாசலுக்குத்தான் வந்தார். நல்ல வேளையாக ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாட்டிலை, வெளியே போன அதே லேபிளோடு சீல் வைத்து எடுத்து வைப்பது என் வழக்கம். லேபிள் மாதிரியில் செய்யச் சொன்னவரின் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பேன். அந்தப் பாட்டிலையும் ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேட்ச் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தார் ஆய்வாளர். என் விளக்கத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போனார். ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு நான் அதன் பிறகு செய்து கொடுக்கவில்லை. சட்டம் அவரை என்ன செய்தது என்பதைவிட அவருடைய ஊரில் நடந்தது முக்கியம். பணம் வாபஸ் என்று சொல்லித் தராததால் அவருடைய சோப்பு, நலங்கு மாவு விற்பனையும் சேர்ந்து நின்றது. அவற்றில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய்ப் பாட்டிலில் சொன்ன பொய்க்கு நலங்கு மாவு பலியானது.

கரூர்க்காரருக்கு எழுதிக் கொடுத்த லேபிளின் முகப்பு இதுதான்: "செக்குத் தேங்காய் எண்ணெயில் ஆறு மூலிகைப் பொருட்கள் சேர்த்துக் காய்ச்சிய கூந்தல் எண்ணெய். வறண்ட முடிக்கு வழவழப்பு. சிக்கு எடுக்க எளிது. முடி உடைவதைக் குறைக்க உதவும்." பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல், பயன்படுத்தும் முறை, தொட்டுச் சோதிக்கும் வரி, பொடுகு பற்றிய வரி, பேட்ச் எண், தயாரித்த மாதம், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, நிகர அளவு, அதிகபட்ச விலை, எங்கள் இருவர் முகவரி, உரிம எண், புகாருக்கு ஒரு தொலைபேசி எண். முழங்கால் கூந்தல் இருந்த இடத்தில் கரிசலாங்கண்ணிச் செடியின் படம். ஆறு மூலிகை என்று எண்ணிக்கை போட்டதால் ஆறும் ஒவ்வொரு பேட்சிலும் போக வேண்டும், மழைக்காலத்தில் செம்பருத்தி கிடைக்கவில்லை என்று விட முடியாது என்பதையும் எச்சரித்தேன். அவர் வெயில் காலத்திலேயே பூவை நிழலில் உலர்த்தி எடுத்து வைத்துக்கொள்கிறார்.

விற்பனை முதலில் மெதுவாகத்தான் போனது, அதை மறைக்கவில்லை. ஏழு நாள் பாட்டிலைத் தேடி வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். ஆனால் வாங்கினவர்கள் நாள் எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. தலை வாரும்போது சிக்கு விழவில்லை என்று பார்த்தார்கள், பாட்டில் தீர்ந்ததும் கேட்டார்கள். இப்போது அவருக்கு ஒரே வீட்டிலிருந்து அம்மாவும் மகளும் மாமியாருமாக மாதாமாதம் ஆர்டர் வருகிறது.

எண்ணெயோ சோப்போ செய்து விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபிள் ரோலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வாசகத்தை உங்கள் உரிமதாரரிடமோ வேதியியல் தெரிந்த ஒருவரிடமோ காட்டிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் அச்சடித்து வந்த பிறகு அதைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வருவதில்லை, எப்படியாவது ஒட்டித் தீர்த்துவிடத்தான் தோன்றும்.